நம் செல்போனில் உள்ளதை வகுப்பறைச் சுவரில் பெரிதாகக் காட்டுவது எப்படி?



கூட்டமைப்பின் பொதுக்குழுக் கூட்டம் பல ஊர்களில் பள்ளிக்கூட வகுப்பறையில்தான் நடக்கிறது. அங்கே புரொஜக்டர் இருக்கும். நம்மிடம் லேப்டாப் இருக்காது. வரவு செலவு, கடன் கொடுத்த விவரம், குழுக்களின் தொழில் படங்கள் எல்லாம் செயலாளர் அக்காவின் செல்போனில் இருக்கும். அறுபது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் அந்தப் போனை கை மாற்றிக் கை மாற்றிப் பார்த்தால் பாதிப் பேருக்குக் கணக்கு தெரியாமலே கூட்டம் முடிந்துவிடும். அதையே சுவரில் காட்டினால், "அந்த மூணாவது வரியில செலவு என்ன செலவு?" என்று கடைசி வரிசையில் இருப்பவர்கூட கேட்க முடியும்.

போனைப் புரொஜக்டரோடு சேர்க்க இரண்டு வழி உண்டு. ஒன்று ஒயர் வழி, இன்னொன்று ஒயர் இல்லாத வழி. எந்தப் போனுக்கு எந்த வழி சரிப்படும், எங்கே மாட்டிக்கொள்வோம் என்பதை இந்த இதழில் பார்ப்போம்.

முதலில் புரொஜக்டரைப் பாருங்கள்

கூட்டத்துக்கு முதல் நாள் மாலையே ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, வகுப்பறைக்குப் போய்ப் பார்த்துவிட வேண்டும். புரொஜக்டர் மேசையில் இருந்தால் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். கூரையில் தொங்கினால் அதிலிருந்து ஒயர் சுவர் வழியாக இறங்கி ஆசிரியர் மேசைக்கு வந்திருக்கும். அந்த ஒயரின் முனையைப் பாருங்கள்.

முனை இரண்டு விதம். ஒன்று கட்டைவிரல் அகலத்துக்குத் தட்டையாக, கீழ் மூலைகள் இரண்டும் சாய்த்து வெட்டினாற்போல இருக்கும். புரொஜக்டரில் அது சேரும் இடத்தில் HDMI என்று எழுதியிருக்கும். இதை எச்.டி.எம்.ஐ. என்பார்கள். இதில் படமும் சத்தமும் சேர்ந்தே போகும். இன்னொன்று கொஞ்சம் பெரியது. பெரும்பாலும் நீல நிறம். மூன்று வரிசையில் ஊசி ஊசியாக இருக்கும். இரண்டு பக்கமும் திருகாணி இருக்கும். இது வி.ஜி.ஏ. புரொஜக்டரில் VGA என்றோ COMPUTER என்றோ எழுதியிருக்கும். இது பழைய வகை. இதில் படம் மட்டும்தான் போகும், சத்தம் போகாது.

புரொஜக்டரில் பென் டிரைவ் சொருகும் யு.எஸ்.பி. ஓட்டையும் இருக்கலாம். "சார்ஜர் ஒயரை அதில சொருகி, மறுமுனையை போன்ல சொருகினா படம் வந்துடும்ல?" என்று பலர் நினைக்கிறோம். வராது. பெரும்பாலான புரொஜக்டர்களில் அந்த ஓட்டை பென் டிரைவ் படிக்கவோ, சின்னக் கருவிக்கு மின்சாரம் கொடுக்கவோதான். போன் கொஞ்சம் சார்ஜ் ஏறும், அவ்வளவுதான்.

ஒயர் வழி: எல்லாப் போனுக்கும் ஆகாது

இதில்தான் நம் ஆட்கள் பணத்தை வீணாக்குகிறார்கள். ஆகவே நிதானமாகப் படியுங்கள்.

போனின் அடியில் சார்ஜர் சொருகும் ஓட்டை முட்டை வடிவில், எந்தப் பக்கம் திருப்பிச் சொருகினாலும் போகிற மாதிரி இருந்தால் அது சி டைப். கடையில் சி டைப்பிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் அடாப்டர் கிடைக்கும். ஒரு பக்கம் போனில் சொருகுவது, மறுபக்கம் எச்.டி.எம்.ஐ. ஒயர் சொருகும் ஓட்டை. பார்க்க எளிது. ஆனால் ஓட்டை ஒன்றுபோல இருந்தாலும் எல்லாப் போனும் அந்த ஓட்டை வழியாகப் படத்தை வெளியே அனுப்பாது. அதற்கான வசதியைக் கம்பெனிக்காரர்கள் போனுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும். அந்த வசதிக்கு டிஸ்ப்ளே போர்ட் என்று பெயர். விலை உயர்ந்த போன்களில்தான் பெரும்பாலும் வைக்கிறார்கள். சாம்சங்கில் எஸ் வரிசைப் போன்களில் உண்டு. ஐபோனில் 2023-ல் வந்த 15-ஆம் வரிசையிலிருந்து சி டைப் ஓட்டையும் இந்த வசதியும் இருக்கின்றன. நாம் வாங்குகிற குறைந்த விலைப் போன்களில் பெரும்பாலும் இருக்காது. சார்ஜ் ஏறும், கம்ப்யூட்டருக்குப் படம் ஏற்றலாம், ஆனால் திரையில் தெரிவது வெளியே போகாது.

அடியில் பழைய மாதிரி, ஒரே பக்கமாக மட்டும் சொருகுகிற சிறிய ஓட்டை இருந்தால் அது மைக்ரோ யு.எஸ்.பி. பல வருஷத்துக்கு முன் வந்த சில போன்களில் அதன் வழியாகப் படம் அனுப்பும் வசதி இருந்தது. பிறகு அதை விட்டுவிட்டார்கள். இப்போது அந்த ஓட்டை உள்ள போனுக்கு ஒயர் வழியை மறந்துவிடலாம்.

அப்படியானால் எப்படித் தெரிந்துகொள்வது? கடையில் அடாப்டர் வாங்கும்போது உங்கள் போனையும் கையோடு கொண்டு போங்கள். கடைக்காரர் டி.வி.யிலேயே மாட்டிக் காட்டச் சொல்லுங்கள். போனில் தெரிவது டி.வி.யில் தெரிந்தால் மட்டும் பணம் கொடுங்கள். "சி டைப் எல்லாத்துக்கும் வரும்மா" என்று சொன்னால் அதை நம்பி வாங்க வேண்டாம்.

உங்கள் போனில் இந்த வசதி இருந்தால் ஒயர் வழியே சிறந்த வழி. படம் நின்று நின்று வராது, நெட் வேண்டாம், பாஸ்வேர்டு வேண்டாம். அடாப்டரைப் போனில் சொருகி, எச்.டி.எம்.ஐ. ஒயரை அடாப்டரில் சொருகி, புரொஜக்டரைப் போட்டால் சில விநாடியில் படம் வந்துவிடும்.

ஒயர் இல்லாத வழி

ஒயர் வழி ஆகாத போன்களுக்கு இது. திரையைக் காற்று வழியாக அனுப்பும் வசதி பெரும்பாலான ஆண்ட்ராய்டு போன்களில் இருக்கிறது. போனின் மேலிருந்து விரலால் கீழே இழுத்தால் வருகிற சின்னச் சின்னப் பொத்தான்களில் தேடுங்கள். சாம்சங்கில் Smart View என்று இருக்கும். மற்ற கம்பெனிகளில் Cast அல்லது Screencast என்று இருக்கும்.

சில புது வகுப்பறைப் புரொஜக்டர்களில் இதை வாங்கிக்கொள்ளும் வசதி உள்ளேயே இருக்கும். பெரும்பாலும் இருக்காது. அப்போது டாங்கிள் என்கிற சின்னக் கருவி வேண்டும். விரல் நீளத்தில் பென் டிரைவ் மாதிரி இருக்கும். அதை எச்.டி.எம்.ஐ. ஓட்டையில் சொருக வேண்டும். அதற்கு மின்சாரம் வேண்டும் என்பதால் ஒரு யு.எஸ்.பி. ஒயரும் இருக்கும்.

டாங்கிளில் இரண்டு வகை உண்டு. இதைத் தெரியாமல் வாங்கினால் கிராமத்தில் கஷ்டம். முதல் வகைக்கு மிராகாஸ்ட் என்று பெயர். போனும் டாங்கிளும் நேராகத் தங்களுக்குள்ளேயே வைஃபை மூலம் பேசிக்கொள்ளும். நெட் தேவையே இல்லை. டவர் கிடைக்காத ஊரிலும் வேலை செய்யும். இரண்டாவது கூகுள் காஸ்ட் வகை. இதில் போனும் டாங்கிளும் ஒரே வைஃபையில் சேர்ந்திருக்க வேண்டும். முதல் முறை அமைக்க நெட்டும் வேண்டும். பள்ளியில் வைஃபை இல்லையென்றால் இன்னொருவர் போனில் ஹாட்ஸ்பாட் போட்டு, அதில் டாங்கிளையும், காட்டப்போகிற போனையும் சேர்க்க வேண்டும். ஹாட்ஸ்பாட் கொடுக்கிற அதே போனிலிருந்து காட்டப் பார்த்தால் பெரும்பாலும் நடக்காது. ஆகவே இந்த வகைக்கு இரண்டு போன் வேண்டும்.

நமக்கு மிராகாஸ்ட் வகைதான் வசதி. ஆனால் கூகுளின் பிக்சல் போன் வைத்திருப்பவர்களுக்கு அது ஆகாது. அந்தப் போன் கூகுள் காஸ்ட் வகையை மட்டுமே தேடும். ஐபோனுக்கு ஏர்ப்ளே என்ற தனி வழி. அதையும் ஏற்கிற டாங்கிள் என்றால் மட்டுமே வரும்.

ஒரு கூட்டமைப்பின் கதையாகப் பார்ப்போம்

ஒரு கூட்டமைப்பில் ஞாயிற்றுக்கிழமை பொதுக்குழு என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை மாலை செயலாளரும் பொருளாளரும் வகுப்பறைக்குப் போய்ப் பார்க்கிறார்கள். கூரையில் புரொஜக்டர். மேசைக்கு இறங்கி வருவது வி.ஜி.ஏ. ஒயர் மட்டும். செயலாளர் போன் சி டைப், ஆனால் கடையில் மாட்டிப் பார்த்தபோது படம் வரவில்லை. பொருளாளர் போன் பழையது, மைக்ரோ யு.எஸ்.பி. ஆனால் அதில் Cast பொத்தான் இருக்கிறது. ஆக, ஒயர் இல்லாத வழிதான்.

டாங்கிளில் இருப்பது எச்.டி.எம்.ஐ. வகுப்பறையில் இருப்பது வி.ஜி.ஏ. இரண்டையும் சேர்க்க எச்.டி.எம்.ஐ.யிலிருந்து வி.ஜி.ஏ.வுக்கு மாற்றும் கன்வெர்ட்டர் வேண்டும். சில நூறு ரூபாய்தான் ஆகும். இதில் இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும்.

முதலாவது, திசை. வி.ஜி.ஏ.யிலிருந்து எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றுவது வேறு கருவி. பார்க்க ஒரே மாதிரி இருந்தாலும் திருப்பிப் போட்டால் வேலை செய்யாது. கடையில், "எச்.டி.எம்.ஐ. உள்ளே போய் வி.ஜி.ஏ. வெளியே வரணும்" என்று கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது, முனை. டாங்கிளின் முனை நீட்டிக்கொண்டிருக்கும். பெரும்பாலான கன்வெர்ட்டரிலும் எச்.டி.எம்.ஐ. முனை நீட்டிக்கொண்டுதான் இருக்கும். நீட்டிய முனையும் நீட்டிய முனையும் எப்படிச் சேரும்? ஆகவே எச்.டி.எம்.ஐ. பக்கம் ஓட்டையாக உள்ள கன்வெர்ட்டர் பார்த்து வாங்க வேண்டும். இல்லையென்றால் இரண்டு பக்கமும் ஓட்டை உள்ள ஜாயின்டர் ஒன்று சேர்த்து வாங்க வேண்டும்.

ஞாயிறு காலை அவர்கள் செய்தது இது. புரொஜக்டர் அணைந்திருக்கும்போதே கன்வெர்ட்டரை மேசையில் உள்ள வி.ஜி.ஏ. ஒயரில் மாட்டித் திருகாணியை முறுக்கினார்கள். டாங்கிளைக் கன்வெர்ட்டரில் சொருகினார்கள். டாங்கிளின் மின்சார ஒயரை ஒரு போன் சார்ஜரில் மாட்டி, பிளக்கில் போட்டார்கள். பிறகு புரொஜக்டரைப் போட்டு, ரிமோட்டில் SOURCE என்ற பொத்தானை அழுத்தி COMPUTER என்பதைத் தேர்ந்தெடுத்தார்கள். சில ரிமோட்டில் இந்தப் பொத்தான் INPUT என்று இருக்கும். எச்.டி.எம்.ஐ.யில் நேராக மாட்டியிருந்தால் HDMI 1 அல்லது HDMI 2 என்று எடுக்க வேண்டும். சுவரில் டாங்கிளின் பெயர் எழுத்தும் எண்ணுமாகத் தெரிந்தது.

பொருளாளர் போனில் வைஃபையை ஆன் செய்து Cast பொத்தானைத் தொட்டார். கொஞ்ச நேரத்தில் பட்டியலில் அதே பெயர் வந்தது. அதைத் தொட்டதும் போனில் இருப்பது சுவரில் வந்துவிட்டது. போனைப் படுக்க வைத்துத் திருப்பியதும் படம் சுவர் முழுக்க நிறைந்தது.

ஒரு குழுவின் தையல் தொழில் வீடியோவையும் போட்டார்கள். படம் வந்தது, சத்தம் எங்குமே இல்லை. வி.ஜி.ஏ.வில் சத்தம் போகாது என்று முன்னே சொன்னோம் அல்லவா? கன்வெர்ட்டரின் பக்கவாட்டில் ஹெட்போன் சொருகும் சிறு ஓட்டை இருந்தது. அதிலிருந்து பள்ளி ஸ்பீக்கருக்கு ஒயர் கொடுத்ததும் சத்தம் வந்துவிட்டது.

படம் வராவிட்டால்

சுவரில் No Signal என்று வந்தால் புரொஜக்டர் நன்றாக இருக்கிறது, அது வேறு ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். SOURCE பொத்தானை ஒவ்வொன்றாக மாற்றிப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் ஒயர் முனையைக் கழற்றி மறுபடி நன்றாக அழுத்தி மாட்டுங்கள்.

டாங்கிளின் பெயர் சுவரில் வந்து, அணைந்து, மறுபடி வந்துகொண்டே இருந்தால் அதற்கு மின்சாரம் போதவில்லை. புரொஜக்டரின் யு.எஸ்.பி. ஓட்டையிலிருந்து எடுத்தால் இப்படி ஆகும். போன் சார்ஜருக்கு மாற்றினால் சரியாகிவிடும்.

டாங்கிளின் பெயர் சுவரில் தெரிகிறது, போனில் மட்டும் வரவில்லையா? வைஃபை ஆனில் இருக்கிறதா பாருங்கள். ஹாட்ஸ்பாட் ஆனில் இருந்தால் அணையுங்கள். டாங்கிளின் பக்கத்தில் சின்னப் பொத்தான் இருந்தால் ஒரு முறை அழுத்துங்கள். அது ஐபோன் முறையில் நின்றிருக்கலாம்.

படம் விட்டு விட்டு வந்தால் போனை டாங்கிளுக்குப் பக்கத்தில் கொண்டு வாருங்கள். வீடியோவுக்குத்தான் இந்தத் தொந்தரவு அதிகம். கணக்குப் பக்கம், போட்டோ எல்லாம் நன்றாகவே தெரியும்.

கவனம்: உங்கள் போனில் வருவதெல்லாம் சுவரில் தெரியும்

இது மிக முக்கியம், சகோதரிகளே. திரையைக் காட்டும்போது நாம் காட்ட நினைப்பது மட்டும் போவதில்லை. போனில் என்ன வந்தாலும் போகும். கூட்டம் நடக்கும்போது பேங்க் மெசேஜ் வந்தால் உங்கள் கணக்கில் எவ்வளவு மீதி என்று அறுபது பேரும் படிப்பார்கள். ஓ.டி.பி. வந்தால் அதுவும் தெரியும். வீட்டுக்காரர் போட்ட வாட்ஸ்அப் தெரியும். போட்டோ தேட கேலரியைத் திறந்தால் அதில் உள்ள குடும்பப் படம், எடுத்து வைத்த பாஸ்புக் படம், ஆதார் படம் எல்லாம் சுவரில் ஓடும். பேட்டர்ன் போட்டுப் போனைத் திறந்தால் அதைக்கூட பார்த்துவிடலாம்.

ஆகவே இணைப்பதற்கு முன்பே நாலு வேலை செய்துவிடுங்கள். போனைத் திறந்து வைத்துவிட்டு, Do not disturb என்பதை ஆன் செய்யுங்கள். அதன் செட்டிங்கில் மெசேஜ் திரையில் தோன்றாதபடி மறைக்கும் வசதி இருந்தால் அதையும் போடுங்கள். சிம்முக்கு அழைப்பும் மெசேஜும் வராமல் இருக்க ஏரோப்ளேன் மோடு போட்டு, பிறகு வைஃபையை மட்டும் ஆன் செய்யலாம். மிராகாஸ்ட்டுக்கு அது போதும். மூன்றாவது, திரை தானாக அணையும் நேரத்தை 10 நிமிடத்துக்கு மாற்றி வையுங்கள். நடுவில் அணைந்தால் மறுபடி பேட்டர்ன் போட வேண்டி வரும். நான்காவது, காட்ட வேண்டியதை முதலிலேயே திறந்து வைத்துவிட்டு, அதற்குப் பிறகு இணையுங்கள்.

இதே காரணத்தால், முன்பின் தெரியாதவர் போனில் கூப்பிட்டு "உங்க ஸ்கிரீனை ஷேர் பண்ணுங்கம்மா" என்று சொன்னால் ஒருபோதும் செய்யாதீர்கள். நம் ஓ.டி.பி.யை நாம் சொல்லாமலே அவர் படித்துக்கொள்வார்.

எந்த வடிவத்தில் வைத்துக்கொள்வது?

கணக்கைக் கம்ப்யூட்டர் சென்டரில் டைப் செய்தால் அப்படியே கொண்டு வராதீர்கள். அங்கே பழைய தமிழ் எழுத்துருவில் அடித்திருந்தால் நம் போனில் திறக்கும்போது தமிழுக்குப் பதில் புரியாத ஆங்கில எழுத்தாகத் தெரியும். "பி.டி.எஃப். ஆக்கித் தாங்க" என்று கேளுங்கள். அதில் எழுத்து மாறாது. வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது போட்டோவாக அனுப்பாமல் டாக்குமென்ட்டாக அனுப்பச் சொல்லுங்கள். போட்டோவாக வந்தால் சிறுத்து, சுவரில் எண்கள் கலங்கித் தெரியும். வந்ததும் போனில் ஒரு முறை திறந்து பாருங்கள்.

ஒரு பக்கத்தில் ஏழெட்டு வரிக்கு மேல் வேண்டாம். போனைக் கை நீட்டிப் பிடித்தால் உங்களால் படிக்க முடிகிறதா பாருங்கள். முடியவில்லையென்றால் கடைசி வரிசைக்கும் தெரியாது.

எதுவுமே ஒத்துவராவிட்டால் ஒரு மாற்று வழி உண்டு. பக்கங்களை ஜேபெக் படமாக மாற்றி ஒரு பென் டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள். பென் டிரைவ் படிக்கும் புரொஜக்டர்கள் இந்த வகைப் படத்தைப் பெரும்பாலும் காட்டிவிடும். படம் 1, 2 என்று வரிசையாகப் பெயர் வைத்தால் ரிமோட்டிலேயே ஒவ்வொன்றாகத் தள்ளலாம்.

முடிக்கும்போது

கூட்டம் முடிந்ததும் முதலில் போனில் Disconnect தொட்டு இணைப்பைத் துண்டியுங்கள். அதன் பிறகுதான் ஏரோப்ளேன் மோடை எடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் அதுவரை சேர்ந்த மெசேஜ் எல்லாம் சுவரில் வந்து இறங்கும்.

புரொஜக்டரை அணைக்க ரிமோட்டில் பவர் பொத்தானை அழுத்துங்கள். பெரும்பாலும் இன்னொரு முறை அழுத்தச் சொல்லிக் கேட்கும். விளக்கு அணைந்த பிறகும் உள்ளே ஃபேன் ஓடும். அது நிற்கும்வரை சுவர் சுவிட்சை அணைக்காதீர்கள். சூட்டோடு மின்சாரத்தை நிறுத்தினால் விளக்கு சீக்கிரம் கெடும், புது விளக்கு விலை அதிகம். பள்ளிக்கூடத்துப் பொருளை எப்படி எடுத்தோமோ அப்படியே ஒப்படைக்க வேண்டும். அடுத்த கூட்டத்துக்கும் அதே அறையைத்தானே கேட்கப் போகிறோம்!

கையோடு கொண்டு போக வேண்டியவை: முழு சார்ஜ் ஏற்றிய போன், அதன் சார்ஜர், டாங்கிள் அல்லது அடாப்டர், டாங்கிளுக்குத் தனியாக ஒரு சார்ஜர், வி.ஜி.ஏ. கன்வெர்ட்டர், ஜாயின்டர், ஸ்பீக்கர் ஒயர், நீட்டிப்பு ஒயருள்ள பிளக் பெட்டி, பென் டிரைவ். எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, பையின் மேல் பட்டியலை ஒட்டி, கூட்டமைப்பு அலுவலக பீரோவில் வையுங்கள். எந்தக் குழு கேட்டாலும் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுக்கலாம்.